காலை ஆறு மணிக்கு மல்லி மொட்டு கேட்டால்: பூ ஆர்டர் அனுபவங்கள்

வில்லாபுரம் அக்கா

மதுரையில் வீட்டிலிருந்தே பூச்சரமும் பூஜைக்கான பூக்கட்டும் கொடுக்கிறேன். என்ன பூ, எத்தனை முழம், எவ்வளவு நேரம் நிற்கும், எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். விலைக்குக்கூட யாரும் சண்டை பிடிப்பதில்லை. கடைசி நேரத்துக்குத்தான் எல்லாச் சண்டையும்.

போன வெள்ளிக்கிழமை ஒரு வாடிக்கையாளர் காலை ஆறு மணிப் பூஜைக்கு மல்லி கேட்டிருந்தார். கொடுத்தேன். பத்து நிமிடத்தில் போன்: "பூவெல்லாம் விரிஞ்சிருக்கு, நேத்துப் பூவைத் தள்ளிவிட்டீங்களே!" நேற்றுப் பூதான், அதை முதல் நாளே அவரிடம் சொல்லியும் இருந்தேன். காலை ஆறு மணிக்கு இன்றைய மல்லி எங்கிருந்து வரும்? விடியும் முன்னே தோட்டத்தில் இறங்கி, அன்று சாயங்காலம் விரியப்போகிற மொட்டாகப் பார்த்துப் பறிக்கிறார்கள். அது மாட்டுத்தாவணி வந்து, நான் வாங்கி, கட்டி முடிக்க மதியமாகிவிடும். ராத்திரி ஏழு எட்டு மணிக்கு விரிந்து வாசம் தூக்கும். மறுநாள் காலையில் பூவாக இருக்கும், மதியத்துக்குள் ஓரம் பழுக்க ஆரம்பிக்கும். மல்லியின் ஆயுசே அவ்வளவுதான்.

அதனால் இப்போது பட்டியலை இரண்டாக உடைத்துவிட்டேன். காலைக் கட்டு என்றால் செவ்வந்தி, அரளி, சம்பங்கி, துளசி. முதல் நாள் இரவு 7 மணிக்குள் சொல்ல வேண்டும், காலை ஆறுக்குள் வீட்டு வாசலில் இருக்கும். மாலைச் சரம் என்றால் மல்லி, முல்லை, பிச்சி. அதற்கு அன்று காலை 8 மணி வரை சொல்லலாம், மதியம் மூன்றரைக்குக் கைக்கு வரும், "இரவு விரியும், மறுநாள் காலை வரை" என்று எழுதிவிடுகிறேன். செவ்வந்தியை முதல் நாளே வாங்கி வைத்தாலும் வாடாது, நிழலில் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதனால் இரவே ஆர்டரை மூடிவிட முடிகிறது. மல்லியை அப்படி வாங்கி வைக்க முடியாது.

உங்களில் யாராவது விற்கிறீர்களா, வாங்குகிறீர்களா? எத்தனை மணிக்கு மூடுகிறீர்கள், என்ன வம்பு வந்தது என்று சொல்லுங்கள்.

மாடித்தோட்டம்

அக்கா, என் தொட்டியில் இருக்கிற மல்லி ஒரு வருடமாக இலையாகவே வளர்கிறது, மொட்டே இல்லை. என்ன உரம் போடலாம்? சாயங்காலம் 7 மணிக்குமேல் தண்ணீர் ஊற்றக் கூடாதா?

வில்லாபுரம் அக்கா

தம்பி, 7 மணி ஆர்டருக்கு, தண்ணீருக்கு இல்லை! இருந்தாலும் சொல்கிறேன், கிளையை நன்றாக வெட்டிவிட்டு முழு வெயிலில் வையுங்கள். மிச்சத்தைத் தோட்டக்காரர்கள் யாரிடமாவது கேளுங்கள்.

நங்கநல்லூர் வாசி

நான் வாங்குகிறவன். அப்பா திதிக்குப் படத்துக்கு மாலை வேண்டும் என்று எங்கள் பக்கத்து வீட்டுத்தொழில்காரர் ஒருவரிடம் சொன்னேன். பட்டியலில் "செவ்வந்தி மாலை 2 அடி, 3 அடி, 4 அடி" என்று இருந்தது. படம் ஒன்றரை அடி உயரம். சரி, 2 அடி போதும் என்று சொல்லிவிட்டேன். வந்த மாலை படத்தின் கழுத்தில் அட்டிகை மாதிரி நின்றது. கேட்டால், "நூல் முனையிலிருந்து முனை வரை 2 அடி சார், அளந்து பாருங்க" என்கிறார். அளந்தேன், சரியாக 2 அடி. திதி முடிந்த பிறகு யாரிடம் போய் வாதாடுவது?

தோவாளை அண்ணாச்சி

எங்க அப்பா காலத்திலிருந்து பூக்கட்டுத் தொழில், நானும் நாற்பது வருடம் கட்டியாச்சு. நங்கநல்லூர்க்காரருக்கு நடந்தது எல்லா ஊரிலும் நடக்கிறது. மாலைக்கட்டுக்காரர் "2 அடி மாலை" என்றால், பெரும்பாலும் தோளிலிருந்து குஞ்சம் வரை தொங்கும் நீளத்தைச் சொல்கிறார். முழுச் சரம் அதைப்போல இரண்டு மடங்கு. புதிதாக வீட்டில் ஆரம்பித்தவர்கள் சரத்தின் மொத்த நீளத்தைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் மாலை பாதியாகிவிடுகிறது.

உங்கள் படத்தையே எடுத்துக்கொள்வோம். உயரம் 18 அங்குலம், அகலம் ஒரு 14 இருக்கும் என்று வையுங்கள். மாலை மேல்விளிம்பில் படிய 14 அங்குலம் போய்விடும். இரண்டு பக்கமும் சரிந்து வந்து கீழே நடுவில் சேர, பக்கத்துக்கு 19 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட வேண்டும். ஆக மொத்தம் 53 அங்குலம், அதாவது நாலரை அடிக்குச் சற்றுக் குறைவு. மடித்துத் தொங்கவிட்டால் ரெண்டே கால் அடி மாலை. உங்களுக்கு வந்த சரம் 24 அங்குலம். அதில் 14 மேலேயே போனால் பக்கத்துக்கு ஐந்து, அட்டிகைதான் வரும். நான் யாரிடமும் அடி கேட்பதே இல்லை. ஒரு நூலை எடுத்துப் படத்தின்மேல் மாலை போலப் போட்டு, எங்கே தொங்க வேண்டுமோ அங்கே முடிச்சுப் போட்டு, நூலின் நீளத்தைச் சொல்லச் சொல்வேன்.

அக்காவுக்கு ஒன்று. முழம் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் கை முழம்? ஒன்றரை அடி என்று சொல்லிக்கொள்கிறோம். என் கை 18 அங்குலம் வரும், எங்கள் வீட்டில் கட்டுகிற பிள்ளையின் கை 16 தான். பத்து முழம் வாங்குகிறவருக்கு 20 அங்குலம் குறையும், ஒரு முழத்துக்கு மேலே போச்சு. அடியில் எழுதுங்கள்.

வில்லாபுரம் அக்கா

மாலைக்கு நூல் கணக்கு அருமை அண்ணாச்சி, இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சரத்துக்கு அடி என்று போட்டால் எங்கள் தெருவில் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள். "ரெண்டு முழம் கொடு" என்றுதான் வாயில் வரும். முழம் என்றே எழுதிவிட்டு, 18 அங்குலத்துக்கு மேசை ஓரத்தில் கோடு கீறி அதில் அளந்து கொடுக்கிறேன். அப்புறம் நீளத்தைவிட நெருக்கம்தான் ஏமாற்று. பூவைத் தள்ளித்தள்ளி வைத்துக் கட்டினால் அதே பூவில் ஒரு முழம் கூடுதலாக வந்துவிடும். சரத்தைத் தூக்கிப் பிடித்தால் நார் தெரிகிறதா என்று பார்த்தாலே போதும்.

ராத்திரிக் கடை

நானும் ஆறு மாதமாக விற்கிறேன். இவ்வளவு கஷ்டம் எதற்கு? கடைசி நேரமே வைப்பதில்லை. மதியம் வாங்கிய மல்லியில் தண்ணீர் தெளித்து, பாலிதீன் கவரில் கட்டி, பிரிட்ஜில் வைத்துவிடுவேன். மறுநாள் காலை மொட்டாகவே இருக்கும். "ஃப்ரெஷ் மல்லி" என்று கொடுத்துவிடலாம். இதுவரை இரண்டு பேர்தான் குறை சொன்னார்கள்.

தோவாளை அண்ணாச்சி

குளிர்ச்சி நல்லதுதான், அதில் பாதி சரி. தண்ணீர்தான் தப்பு. ஈரத்தோடு கவருக்குள் அடைத்தால் மொட்டு அவிந்துபோகும். கவரைத் திறந்ததும் ஒரு புளித்த வாடை வரும், மொட்டின் நுனி பழுப்பாக இருக்கும், சரத்தை உதறினால் பூ கையோடு வரும். அந்த இரண்டு பேரும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். மொட்டில் ஈரம் இருக்கக் கூடாது. வாழை இலையில் சுற்றி, அதற்கு மேலே பிழிந்த ஈரத்துணி. நாரை மட்டும் தண்ணீரில் ஊறவைத்துக் கட்டினால் அந்த ஈரமே போதும். நூலில் கட்டினது அந்த விஷயத்தில் சீக்கிரம் வாடும்.

இன்னொன்று, ரொம்பக் குளிரில் ராத்திரி முழுக்க இருந்த மொட்டு மொட்டாகவே நின்றுவிடும். வெளியே எடுத்தாலும் பாதி விரியாது, வாசமும் இருக்காது. மொட்டைப் பார்த்து வாங்கியவர் சாயங்காலம் வரை காத்திருந்து ஏமாறுவார். விரிந்த நேற்றுப் பூவை நேற்றுப் பூ என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுப்பது அதைவிட மேல்.

ராத்திரிக் கடை

புளித்த வாடை என்று ஒருத்தர் சொன்னது உண்மைதான். வாழை இலைக்கு மாறிப் பார்க்கிறேன். ஆனாலும் கடைசி நேரம் வைத்தால் ஆர்டர் போய்விடும் என்பதுதான் என் எண்ணம்.

பேரூர் மாமி

நான் விற்பதில்லை, எங்காத்துப் பெருமாளுக்கு வாங்குபவள். கடைசி நேரம் பற்றிச் சொன்னீர்களே, துளசிக்குத் தனியாக ஒன்று வேண்டும். துவாதசி அன்று துளசி பறிக்க மாட்டோம். ஆகையால் துவாதசி காலைக்கு வேண்டிய துளசியை ஏகாதசி அன்றே பொழுது சாய்வதற்குள் பறித்துவிட வேண்டும். போன தடவை நான் ஏகாதசி இரவு ஏழு மணிக்குச் சொல்லி, அந்தப் பெண்ணும் "சரி மாமி" என்று வாங்கிக்கொண்டு, மறுநாள் பச்சைப் பசேலென்று புதுத் துளசி வந்தது. எப்போது பறித்தது என்று கேட்டதற்கு, "இப்பத்தான் மாமி!" என்று பெருமையாகச் சொல்கிறாள். அவளைத் திட்டவும் மனசு வரவில்லை, சார்த்தவும் முடியவில்லை.

பிரதோஷ வில்வத்துக்கும் பாருங்கள். பூஜை நாலரை மணிக்குத் தொடங்கும். நாலு மணிக்குப் போன் செய்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

வில்லாபுரம் அக்கா

மாமி, இது எனக்குத் தோன்றவே இல்லை. துவாதசிக்கு முதல் நாள் மதியம் 2 மணி என்று துளசிக்குத் தனி வரி போடுகிறேன், நாள்காட்டி பார்த்து முந்தின வாரமே செய்தியும் அனுப்புகிறேன்.

நங்கநல்லூர் வாசி

சென்னைக்கு இந்தக் கணக்கு ஒத்துவருமா? இங்கே கோயம்பேட்டுக்கு வெளியூரிலிருந்துதானே மல்லி வருகிறது?

தோவாளை அண்ணாச்சி

தூரத்திலிருந்து வருகிற பூ வழியிலேயே பாதி ஆயுசைத் தொலைத்துவிடும், ஐஸ் வைத்த பெட்டியில்தான் வரும். அதனால் உங்கள் ஊரில் மல்லிக்கு "இத்தனை மணி நேரம் நிற்கும்" என்று எழுதுகிறவர், வாங்கிய நேரத்திலிருந்து எண்ணுகிறாரா, பறித்த நேரத்திலிருந்தா என்று கேளுங்கள். பறித்த நேரம் தெரியாது என்றால், சரத்தில் மொட்டும் பூவும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாருங்கள். சாயங்காலம் நாலு மணிக்கே பாதி விரிந்திருந்தால் நேற்றைய பூ.

வில்லாபுரம் அக்கா

மார்கழி வந்தால் என் பட்டியலே மாறிவிடும். பனியில் மல்லி வரத்து விழுந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அப்போது மல்லியோடு காக்கரட்டானைக் கலந்து கட்டுகிறவர்கள் உண்டு, வெள்ளையாக இருக்கும், மல்லி வாசம் வராது. நான் கலப்பதில்லை, ஆனால் "மல்லி + காக்கரட்டான்" என்று வெளிப்படையாக எழுதி விலை குறைத்துக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். சிலர் கலப்பு என்று எழுதியிருந்தாலே வாங்க மாட்டார்கள், சிலர் சாமி படத்துக்குத்தானே, கொடு என்பார்கள். வாங்குகிறவர்கள் சொல்லுங்கள்.

பேரூர் மாமி

எனக்கு வேண்டாம். அதற்கு நந்தியாவட்டையே நாலு வைத்துவிடுவேன்.

நங்கநல்லூர் வாசி

எழுதியிருந்தால் நான் வாங்குவேன்.