“ரெண்டு பேர் போதும் மக்கா”: கூடப் படித்தவன் அனுப்பிய செய்தி, போகலாமா?

தோவாளைப் பூக்கடை:
பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன் நேற்று ராத்திரி அனுப்பியதை அப்படியே போடுகிறேன்.

“லே மக்கா எப்பிடி இருக்க! ஒரு பெரிய சந்தோஷம் சொல்லணும், போன்ல சொன்னா புரியாது. நாலு மாசத்துல என் வாழ்க்கையே மாறிட்டு. எங்க லீடர் சார் மாசம் 1.8 லட்சம் எடுக்காரு, அவரும் நம்மள மாதிரி டிப்ளமோதான். வேலையை விட வேண்டாம், தினம் 2 மணி நேரம் போதும். பொருள் விக்கிற வேலை இல்ல, ரெண்டு பேர் போதும், மத்தத சிஸ்டம் பாத்துக்கும். உங்கள் கனவுகளை நீங்களே தீர்மானியுங்கள். 14,500 கட்டணும், அதுக்கு ப்ராடக்ட் தந்துருவாங்க, அதனால நஷ்டமே இல்ல. ஞாயித்துக்கிழமை நாகர்கோவில்ல மீட்டிங், உனக்கு சீட் போட்டாச்சு. அன்னைக்கு ராத்திரி வரைக்கும்தான் இந்த ரேட்டு. வீட்ல இப்ப சொல்லாத, தெரியாதவங்க குழப்பிருவாங்க. உன்ன நம்பித்தான் உன் பேரக் குடுத்தேன்.”

அவன் ஏமாற்றுகிற ஆள் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி முழுக்கக் கூட இருந்தவன். போகலாமா?

வடசேரி பஸ்ஸ்டாண்ட்:
தம்பி, முதலில் கம்பெனி பெயரைக் கேள். முறையாகப் பதிவு செய்திருக்கிறார்களா, ஜிஎஸ்டி நம்பர் இருக்கிறதா, பொருள் தருகிறார்களா என்று பார். மூன்றும் இருந்தால் அது சட்டப்படி நடக்கிற நேரடி விற்பனைதான், பயப்பட வேண்டாம். இதற்கென்று 2021-ல் மத்திய அரசு விதிகளே போட்டிருக்கிறது.

கருங்கல் கணக்கு:
அண்ணே, பெயரைக் கேட்கச் சொன்னது சரி, மீதியை நம்பி யாரும் பணம் கட்டிவிடக் கூடாது. கம்பெனியாகப் பதிவு செய்வதும் ஜிஎஸ்டி எடுப்பதும் எந்தத் தொழிலுக்கும் கிடைக்கிற காகிதம். அந்தத் தொழிலில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அந்தக் காகிதம் சொல்லாது. நீங்கள் சொல்கிற அதே 2021 விதிகள்தான், நேரடி விற்பனை என்ற பெயரில் பிரமிடு திட்டமோ பணச்சுழற்சித் திட்டமோ நடத்தக் கூடாது என்றும் சொல்கின்றன. பணச்சுழற்சிக்கு 1978-லிருந்தே தடைச் சட்டம் இருக்கிறது. விற்பனைக்குக் கமிஷன் கொடுக்கலாம், ஆள் சேர்த்ததற்காகக் கொடுக்கக் கூடாது, சேருவதற்குக் கட்டணமும் வாங்கக் கூடாது என்று 2016 வழிகாட்டுதலிலேயே இருந்தது. அதனால்தான் 14,500-ஐ யாரும் ‘கட்டணம்’ என்று சொல்வதில்லை, ‘ப்ராடக்ட்’ என்று சொல்கிறார்கள்.

பூக்கடைத் தம்பி, நானும் இரண்டரை வருடம் ஒரு கம்பெனியில் இதைச் செய்தவன், இந்த மாதிரி செய்தி எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அதனால் சொல்கிறேன், இந்தச் செய்தியில் எதெல்லாம் இல்லை என்று முதலில் பாருங்கள். கம்பெனி பெயர் இல்லை. பொருள் சோப்பா, மாத்திரையா, துணியா என்பது இல்லை. அதை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதும் இல்லை. “பொருள் விக்கிற வேலை இல்ல” என்று அவனே எழுதிவிட்டான். விற்காத இடத்தில் காசு வருகிறது என்றால், அடுத்து சேருகிறவன் கட்டுகிற காசுதான் வருகிறது.

அடுத்து அந்த 1.8 லட்சம். அது யாருடைய வருமானம்? லீடருடையது. வாழ்க்கை மாறியது நண்பனுக்கு, தொகை மட்டும் இன்னொருவருடையது. எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், உன் கதையில் பணம் இல்லையென்றால் அப்லைன் கதையை, உனக்கு மேலே இருப்பவர் கதையைச் சொல் என்று.

இன்னொரு வரியையும் பாருங்கள். ‘லே மக்கா’ என்று தொடங்கியவன் நடுவில் திடீரென்று “உங்கள் கனவுகளை நீங்களே தீர்மானியுங்கள்” என்கிறான். உங்கள் நண்பன் உங்களை எப்போதாவது ‘நீங்கள்’ என்று கூப்பிட்டிருக்கிறானா? அந்த வரி அவனுடையது இல்லை, குரூப்பில் வந்த மாதிரிச் செய்தியில் அவன் மாற்ற மறந்த இடம் அது. சேர்ந்த முதல் வாரமே 100 பேருடைய பெயரை நோட்டில் எழுதச் சொல்வார்கள். போனில் விளக்காதே, மீட்டிங்குக்கு மட்டும் கூட்டிக்கொண்டு வா என்பார்கள். “உன் பேரக் குடுத்தேன்” என்றால் அந்த நோட்டில் உங்கள் பெயர் இருக்கிறது.

குளச்சல் கடலோரம்:
எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள். நான் ஆறு வருடமாக நேரடி விற்பனையில் இருக்கிறேன். பேஸ்ட், சோப்பு, பாத்திரம் கழுவுகிற திரவம், இவ்வளவுதான். சுமார் 40 வீடுகளுக்கு மாதாமாதம் கொடுக்கிறேன், 9,000 முதல் 12,000 வரை நிற்கிறது. ஒளித்துச் செய்ய வேண்டிய வேலை இல்லை. நண்பன் ஆசையோடு கூப்பிட்டால் போய்ப் பார்த்துவிட்டு வருவதில் என்ன கெட்டுவிடும்? போகாமலே பழி சொல்வது நியாயம் இல்லை.

அருமனை அக்கா:
ப்ராடக்ட் நல்லதா என்று கேட்கிறீர்களா தம்பி? நல்லதுதான். என் தங்கச்சி வாங்கினாள், சத்துப் பவுடர், எட்டு டின். மாப்பிள்ளை குவைத்திலிருந்து அனுப்பிய காசு அது. இரண்டு டின் எனக்குத் தந்தாள், மூன்று டின்னை மாமியார் வீட்டுக்காரர்கள் மனசில்லாமல் வாங்கினார்கள், மீதி மூன்றும் கட்டிலுக்கு அடியில் கிடந்து தேதி முடிந்துபோனது. குடித்தால் ருசியாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினவர்கள் ஒருத்தரும் இல்லை. அவள் போன் செய்தாலே சொந்தக்காரர்கள் எடுக்க மாட்டார்கள் என்று ஆகிவிட்டது. இப்போது கல்யாணவீட்டுக்குப் போனால்கூட ஓரமாகத்தான் உட்காருகிறாள்.

கருங்கல் கணக்கு:
அக்கா, தம்பி கேட்டது தரத்தைப் பற்றி இல்லை, ஆனால் நீங்கள் சொன்ன அந்த ‘இரண்டாவது தடவை’தான் முக்கியம். கடலோரம் அண்ணனின் 40 வீட்டுக்காரர்கள் அவருடைய டீமில் இல்லாதவர்கள், சோப்பு தீர்ந்தால் திரும்பக் கேட்கிறவர்கள். அது வியாபாரம், அதை நான் குறை சொல்லவில்லை. அண்ணே, உங்கள் டீமில் எத்தனை பேர்? அதில் இன்றைக்கு எத்தனை பேருக்குக் காசு வருகிறது?

குளச்சல் கடலோரம்:
மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. இதுவரை சேர்ந்தது 31 பேர். இப்போது செய்வது நான்கு பேர். மற்றவர்கள் உழைக்கவில்லை.

கருங்கல் கணக்கு:
27 பேரும் சோம்பேறிகளாக இருக்க முடியாது அண்ணே. சரி, அது வேறு பேச்சு.

தம்பி, நண்பனிடம் நான்கு கேள்வி மட்டும் கேளுங்கள். சேர்ந்ததிலிருந்து உன் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போனது, மீட்டிங் செலவு, பஸ் செலவு எல்லாம் சேர்த்து? உன் பேங்க் கணக்கில் எவ்வளவு வந்தது? அதில் சேராத ஆளுக்கு விற்று வந்தது எவ்வளவு? உனக்குக் கீழே இதுவரை யார் யார்? சண்டை போடாமல், அவன் நஷ்டப்படக் கூடாது என்கிற அக்கறையோடு கேளுங்கள்.

தோவாளைப் பூக்கடை:
இன்று காலை பூ ஏலம் முடிந்ததும் அவனைக் கூப்பிட்டேன். முதலில் “மீட்டிங்குக்கு வா, எல்லாம் தெரியும்” என்றான். விடாமல் கேட்டேன். கட்டியது 14,500. ஐடி ஆக்டிவாக இருக்க மாதம் 2,500-க்குப் பொருள் எடுக்கணுமாம், மூன்று மாதம் எடுத்திருக்கிறான், 7,500. மீட்டிங், பெட்ரோல் என்று 3,000. கீழே மூன்று பேர்: அவன் அண்ணன், மாமா மகன், எங்களோடு படித்த இன்னொருவன். சேருகிறவர்களை இடது, வலது என்று இரண்டு பக்கமாகப் போடுவார்களாம், பக்கத்துக்கு ஒருவர் சேர்ந்தால் ஒரு ஜோடி. அவனுக்கு இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் ஒன்று. ஒரு ஜோடி சேர்ந்ததற்கு 2,000, பிடித்தம் போக 1,900 வந்ததாம். வெளியே விற்றது எதுவும் இல்லை.

கருங்கல் கணக்கு:
போனது 25,000, வந்தது 1,900. இன்னும் 23,100 கையை விட்டுப் போயே கிடக்கிறது. ஆனாலும் ‘வாழ்க்கையே மாறிட்டு’ என்று எழுதியிருக்கிறான், அதை நம்பியும் எழுதியிருக்கிறான். நானும் அப்படித்தான் எழுதினேன், அதனால் அவன் மீது எனக்குக் கோபமே வரவில்லை.

இடது பக்கம் ஒரு ஆள் ஜோடி இல்லாமல் நிற்கிறார், கவனித்தீர்களா? உங்களை வலது பக்கம் போட்டால் அடுத்த 2,000 விழும். ஞாயிறு ராத்திரி என்கிற கெடு அதற்காகத்தான். திங்கட்கிழமை கேட்டுப் பாருங்கள், அதே ரேட்டு இருக்கும்.

போட்டது திரும்ப வர, ஜோடிக்கு 1,900 வீதம் அவனுக்கு இன்னும் 13 ஜோடி வேண்டும். ஏற்கனவே நிற்கிற ஒருவரைக் கழித்தால் புதிதாக 25 பேர். ஆளுக்கு 14,500 என்றால் 3,62,500 ரூபாய் நம் ஊர் வீடுகளிலிருந்து போகணும், அவனுடைய 23,100 திரும்பி வர. அதற்குள் மாதாமாதம் 2,500 வேறு. அந்த 25 பேரும் இதே மாதிரி ஆள் தேடணும். ஆளுக்கு இரண்டு பேர் என்று நிரம்பிக்கொண்டே போனாலும், கடைசி வரிசையில் நிற்பவர்கள் அவர்களுக்கு மேலே இருக்கிற எல்லோரையும் கூட்டினால் வருகிறதைவிட ஒருவர் அதிகம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கீழே யாருமே இல்லை என்று அர்த்தம். இருபது வரிசை இறங்குவதற்குள் 20 லட்சம் பேரைத் தாண்டும், 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டம் முழுக்கவே 18.7 லட்சம்தான்.

வடசேரி பஸ்ஸ்டாண்ட்:
இந்தக் கணக்கை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் பொருள் வீட்டில் இருக்கிறதே, அதைக் கழிக்க வேண்டாமா?

கருங்கல் கணக்கு:
கழிக்கலாம் அண்ணே. அதே மாதிரி பொருள் மார்த்தாண்டத்தில் கடையில் என்ன விலைக்குக் கிடைக்கிறதோ அந்த விலைக்குக் கழியுங்கள், கம்பெனி போட்ட விலைக்கு வேண்டாம். அதுவும் அவன் வீட்டில் நிஜமாகவே பயன்படுத்துகிற அளவுக்கு மட்டும்.

மீட்டிங்குக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. கைதட்டலுக்கு நடுவில், பக்கத்தில் நண்பன் உட்கார்ந்திருக்க, இந்தக் கேள்விகளை யாராலும் கேட்க முடியாது.

குளச்சல் கடலோரம்:
இந்தக் கணக்கைப் பார்த்தபிறகு பணம் கட்டு என்று நானும் சொல்ல மாட்டேன். மாதம் கட்டாயமாக எடுக்கச் சொல்வதே தப்பு. ஆனால் போக வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். தனியாக விட்டால் இன்னும் ஆழமாகப் போவான். கூடப் போ, காசையும் ஏடிஎம் கார்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போ, போனில் பணம் அனுப்புகிற ஆப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் போ. அப்புறம், அவன் உடைக்காத பெட்டி எதையாவது வைத்திருந்தால் திருப்பி எடுப்பார்களா என்று எழுத்தில் கேட்கச் சொல். ஒழுங்கான கம்பெனியென்றால் பதில் வரும்.

அருமனை அக்கா:
பதில் வரவில்லையென்றால் 1915-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள், நுகர்வோர் உதவி எண் அது. என் தங்கச்சி தேதி முடிந்தபிறகுதான் கேட்டாள். தம்பி, அவனுடைய மாமா மகன் கட்டின காசு யாருடையது? வட்டிக்கு எடுத்ததா?

தோவாளைப் பூக்கடை:
அம்மாவின் வளையலை அடகு வைத்து எடுத்தது அக்கா. அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒழுகினசேரியில் டீ குடிக்க வருகிறான், மாமா மகனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அந்த நோட்டையும் கொண்டுவரச் சொன்னேன், 100 பேருடைய பெயரை எழுதிய நோட்டு. கொண்டுவருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.