மீட்புச் சாவியைக் கணக்கில் வைப்பதா, பீரோவில் வைப்பதா?

வேப்பமரத்தடி:
அப்பாவின் மடிக்கணினி. விண்டோஸ் 11, வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது. அடுத்த வாரம் பயாஸ் புதுப்பிக்க வேண்டும். அதன்பின் நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம் என்கிறார்கள். சாவியைப் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்துவிட்டேன். இனி எங்கே வைப்பது? திருடன் கையில் சிக்கக் கூடாது. நான் வெளியூரில் இருக்கும்போது அப்பா தேடினால் கிடைக்கவும் வேண்டும்.

கோபுரப்புறா:
எங்கும் வைக்க வேண்டாம். அது ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது. கைபேசியில் aka.ms/myrecoverykey என்று அடித்து உள்ளே போனால் கண்முன் நிற்கும். காகிதத்தில் எழுதிப் பீரோவில் வைப்பதெல்லாம் நம் தாத்தா காலத்து வேலை.

ஈயப்பாத்திரம்:
நானும் அப்படித்தான் நம்பினேன். மடிக்கணினி வாங்கிய அன்று, கடைக்காரர் தம்முடைய கணக்கில் நுழைந்துதான் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தார். என் கணக்கைப் பிறகுதான் சேர்த்தேன். இரண்டு ஆண்டு கழித்து அதில் தண்ணீர் கொட்டி மதர்போர்டு மாற்ற நேர்ந்தது. வட்டைத் தானாகத் திறந்துவிடும் சில்லு பழைய போர்டோடு போய்விட்டதால் நீலத் திரை வந்து நின்றது. என் கணக்கில் பார்த்தால் சாவிப் பட்டியல் காலி. சாவி போய்ச் சேர்ந்தது முதலில் நுழைந்த கணக்கில், அதாவது கடைக்காரரின் கணக்கில்.

நல்ல வேளையாக அவர் கடையை மூடியிருக்கவில்லை. அவர் பட்டியலில் என்னைப் போன்ற எத்தனையோ பேரின் சாவிகள் கிடந்தன. நீலத் திரையில் சாவி அடையாளம் என்று ஓர் எழுத்து வரிசை தெரியும். அதன் முதல் எட்டு எழுத்துகளை நான் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்.

கோபுரப்புறா:
அது கணக்கின் குற்றமா, உங்கள் கவனக்குறைவா?

தறிக்காரர்:
யார் குற்றம் என்பதைப் பிறகு பார்க்கலாம். வேப்பமரத்தடி, அந்தப் பிடிஎஃப் எங்கே இருக்கிறது? அதே மடிக்கணினியின் டெஸ்க்டாப்பில் என்றால், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறீர்கள். சாவியை உரைக்கோப்பாக அதே வட்டில் சேமிக்கப் போனால் விண்டோஸே மறுத்துவிடும். ஆனால் அச்சிடு என்று கொடுத்துப் பிடிஎஃப் ஆக்கினால் அது தடுப்பதில்லை. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அடுத்து, உங்களிடம் இருப்பது இப்போது செல்லுபடியாகும் சாவிதானா என்று பாருங்கள். நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதை இடுங்கள்:

```
manage-bde -protectors -get C:
```

Numerical Password என்ற தலைப்பின் கீழ் அடையாளமும் அதை அடுத்து 48 இலக்கங்களும் வரும். இடையில் யாராவது குறியாக்கத்தை நீக்கி மறுபடி போட்டிருந்தால் அடையாளம் மாறியிருக்கும். பழைய தாளை அதற்குப் பிறகு எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் பயனில்லை. அதனால் தாளில் சாவியோடு அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளையும் எழுதுங்கள்.

இந்தச் சாவி அந்த ஒரு வட்டைத் தவிர வேறு எதையும் திறக்காது. மடிக்கணினி கையில் இல்லாதவனுக்கு அது வெறும் எண். எனவே தாளை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சுவதைவிட, தாளும் கணினியும் ஒரே பையில் பயணம் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

நுங்கு:
இடையில் ஒரு சந்தேகம். விண்டோஸ் கடவுச்சொல்லை மறந்துவிட்டேன். இந்த 48 இலக்கத்தைப் போட்டால் உள்ளே விடுமா?

தறிக்காரர்:
விடாது. இது வட்டைத் திறக்கும். உள்ளே நுழையும் கடவுச்சொல் வேறு. தனியாக ஓர் இழை தொடங்குங்கள்.

மூன்றாம்படி:
கணினியும் தாளும் ஒன்றாக இருக்கக் கூடாது என்கிறீர்கள். வீடு புகுந்தவன் மேசையில் இருக்கும் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பீரோவை மட்டும் விட்டுவிட்டா போவான்? கணக்கில் வைத்தாலோ, நிறுவனத்திடம் சாவி இருக்கிறது. சட்டப்படி உத்தரவு வந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். என் வழி இது: சாவியை 24, 24 இலக்கமாகப் பிரித்து ஒரு பாதியை நீங்களும் மறுபாதியை உங்கள் அக்காவும் வைத்துக்கொள்ளுங்கள்.

தறிக்காரர்:
பீரோவைப் பற்றிச் சொன்னது சரி. அதை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதியாகப் பிரிப்பது சரியில்லை. இரண்டில் எந்தத் தாள் தொலைந்தாலும் வட்டு போயிற்று. தொலைவதற்கான வாய்ப்பை நீங்களே இரட்டிப்பாக்குகிறீர்கள். அதற்குப் பதில் முழுச் சாவியையும் அக்கா வீட்டில் வையுங்கள். அங்கே புகும் திருடனிடம் கணினி இருக்காது, இங்கே புகுபவனிடம் சாவி இருக்காது.

கணக்குப் பிரதியும் இருக்கட்டும். ஆனால் கோபுரப்புறாவிடம் ஒரு கேள்வி: அந்தக் கணக்கின் சரிபார்ப்புக் குறி எந்த எண்ணுக்கு வருகிறது? அப்பா என்றோ கைவிட்ட சிம் எண்ணுக்கு என்றால் கதவு திறக்காது. பாதுகாப்புத் தகவல்களை முழுவதும் மாற்ற வேண்டி வந்தால் 30 நாள் காத்திருக்க வேண்டும்.

கோபுரப்புறா:
எண்ணைப் புதுப்பித்து வைத்தால் போயிற்று. தாள் செல்லரிக்கும், மை மங்கும், அக்கா வீடு மாறுவார். என் ஓட்டு கணக்குக்குத்தான்.

மூன்றாம்படி:
கையால் 48 இலக்கம் எழுதினால் பிழை வராதா?

தறிக்காரர்:
வரும். அதைக் கண்டுபிடிக்க வழியும் சாவிக்குள்ளேயே இருக்கிறது. ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுக் குழுக்கள். ஒவ்வொரு குழுவும் 11ஆல் மீதியின்றி வகுபடும். உதாரணமாக 409266 என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, மூன்று, ஐந்தாம் இடங்களைக் கூட்டினால் 19. மற்றவற்றைக் கூட்டினால் 8. வித்தியாசம் 11. வித்தியாசம் 0, 11, 22 என்று வந்தால் குழு சரி. ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் இது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இரண்டு குழுக்களை முன்பின்னாக எழுதிவிட்டால் காட்டாது.

பயாஸ் புதுப்பிக்கும் முன் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தினால், பெரும்பாலும் சாவியே தேவைப்படாது:

```
manage-bde -protectors -disable C: -RebootCount 1
```

ஒருமுறை விண்டோஸ் மறுதொடக்கம் ஆனதும் பூட்டு தானே திரும்பிவிடும். தாளை எழுதிய பிறகே இதைச் செய்யுங்கள்.

வேப்பமரத்தடி:
நன்றி ஐயா. பிடிஎஃப் டெஸ்க்டாப்பில்தான் இருந்தது, வெட்கமாக இருக்கிறது. இரண்டு தாள்கள் எழுதினேன். ஒன்று அக்கா வீட்டில் நிலப்பத்திரக் கோப்பில், அடையாளத்தோடு. இன்னொன்று என்னிடம். நேற்று மடிக்கணினியை அணைத்துவிட்டு, சாவி எங்கே என்று அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். அக்காவை அழைத்து, கோப்பை எடுக்கச் சொல்லி, இலக்கங்களை எனக்குப் படித்துக் காட்டினார். ஐந்தாம் குழு 173729 என்றார். கூட்டிப் பார்த்தால் 6, 23. வித்தியாசம் 17. என் தாளில் 173129. நான் எழுதிய 1க்குத் தலையில் ஒரு கோடு அதிகமாகி 7 ஆகியிருக்கிறது.

மூன்றாம்படி:
எல்லாம் சரி. ஐந்தாம் குழுவை ஊரறியப் போட்டுவிட்டீர்களே?

தறிக்காரர்:
எட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவரும் திறக்கப் போவதில்லை. மனம் கேட்காவிட்டால் புதிய சாவி சேர்த்துவிட்டுப் பழையதை நீக்கலாம். வட்டை மறுபடி குறியாக்கம் செய்யத் தேவையில்லை, ஒரு நிமிட வேலை.

வேப்பமரத்தடி:
ஒரு நிமிடம் கணினிக்கு. அக்கா வீட்டுத் தாளை மாற்ற ஆறு மணி நேர பஸ் பயணம். பொங்கலுக்குப் போகும்போது பார்க்கிறேன்.