கலைச்சொல் வேண்டும்: 234சி வட்டியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

வருமான வரிக் கணக்கைத் தாங்களே தாக்கல் செய்பவர்களுக்காக ஒரு தமிழ் வழிகாட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். சம்பளப் பகுதி முடிந்துவிட்டது. வட்டி, ஈவுத்தொகை, மூலதன ஆதாயம் பகுதிக்கு வந்ததும் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

படிவத்தின் கடைசியில், மொத்த வரியைக் கணக்கிட்டு முடித்ததும், அதன்மேல் சேரும் தொகைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்ததற்கான வட்டி, முன்கூட்டிய வரியைக் கட்டாததற்கான வட்டி, அப்புறம் “For deferment of advance tax (section 234C)”, கடைசியில் தாமதக் கட்டணம். இவற்றில் 234சி-க்குத்தான் சொல் கிடைக்கவில்லை. அகராதியைப் பார்த்தால் ‘ஒத்திவைப்பு’ என்கிறது. ஒத்திவைப்பு என்றால் யாரோ ஒருவர் அனுமதி கொடுத்துத் தேதியைத் தள்ளிவைத்ததாகப் படுகிறது. இங்கே அப்படி அனுமதி கொடுப்பவர் எவரும் இல்லை.

‘234சி வட்டி’ என்றே விட்டுவிடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. 2025-26 நிதியாண்டின் கணக்குக்குப் பழைய எண் போதும், அதற்கடுத்த கணக்கில் அந்த எண் இருக்காது. எண்ணை நம்பாமல் நிற்கும் ஒரு பெயர் வேண்டும்.

முத்துக்குமரன் எழுதியது:

இதில் குழப்பமே இல்லை. ‘தாமத வட்டி’ என்று போடுங்கள், எல்லாருக்கும் புரியும்.

முன்கூட்டிய வரியை நான்கு தவணையாகக் கட்ட வேண்டும். ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் மொத்தமாக 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும். தேதி தவறினால் எத்தனை நாள் தாமதமோ அதற்கு ஏற்ப மாதம் 1 சதவீதம். தாமதத்துக்கு வட்டி, எனவே தாமத வட்டி.

ஒரு கூடுதல் தகவல்: பங்கு விற்ற லாபத்துக்கும் ஈவுத்தொகைக்கும் இந்த வட்டி கிடையாது. வங்கி வட்டிக்கு மட்டும்தான். வழிகாட்டியில் அதையும் சேர்த்துவிடுங்கள்.

ஆவுடையப்பன் எழுதியது:

தம்பி முத்துக்குமரன் சொன்ன ‘தாமத வட்டி’ எனக்கு நன்றாகப் புரிகிறது. என் பிரச்சினையும் அதுவே. ஐந்து வருட எஃப்.டி. ஒன்று போட்டிருக்கிறேன். வட்டி முழுவதும் முதிர்வின்போதுதான் கைக்கு வரும். ஆனால் வங்கி ஒவ்வொரு வருடமும் டிடிஎஸ் பிடித்துவிடுகிறது. தாமதமாக வரும் இந்த வட்டியை எந்த வருடக் கணக்கில் காட்டுவது? எனக்கு 68 வயது. ஓய்வூதியமும் வட்டியும் தவிர வேறு வருமானம் இல்லை.

ரேவதி எழுதியது:

ஆவுடையப்பன் ஐயாவுக்கு முதலில். வங்கி ஒவ்வொரு வருடமும் எவ்வளவு வட்டி சேர்ந்தது என்று வரித்துறைக்குத் தெரிவித்துவிடுகிறது. அந்தந்த வருடமே அந்தத் தொகையைக் காட்டிவிடுங்கள். பிடித்த வரியும் 26ஏஎஸ் படிவத்தில் அதே வருடத்தில்தான் இருக்கும். இரண்டும் சேர்ந்து போனால்தான் வரவு ஒழுங்காகக் கிடைக்கும். ஐந்து வருட வட்டியையும் கடைசியில் ஒரே கணக்கில் போட்டால், வரி பிடித்த வருடம் ஒன்று, வருமானம் காட்டிய வருடம் வேறு என்று இழுபறியாகும்.

கயல்விழி கேட்பது நீங்கள் வாங்கும் வட்டியைப் பற்றி அல்ல, ஐயா. நாம் அரசுக்குக் கட்டும் வட்டியைப் பற்றி. அது உங்களைத் தொடவே தொடாது. 60 வயதைத் தாண்டியவர், தொழில் வருமானமும் இல்லை என்றால் முன்கூட்டிய வரியே கட்ட வேண்டியதில்லை. மீதி வரியைக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கட்டினால் போதும்.

ஆனால் ஐயாவின் கேள்வியை வைத்தே ‘தாமத வட்டி’யை ஒதுக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். வருமானமும் வட்டி, அதன்மேல் வரும் சுமையும் வட்டி என்கிற பக்கத்தில், தாமதமாக வரும் வட்டி என்றுதான் அதைப் பலரும் படிப்பார்கள்.

முத்துக்குமரன் சொன்ன தேதிகளும் சதவீதங்களும் சரி. நாள் கணக்கு என்பது மட்டும் சரியில்லை. ஜூன் 15இல் கட்ட வேண்டியதை 16ஆம் தேதி கட்டினாலும் குறைந்த தொகைக்கு மூன்று மாத வட்டி, ஆகஸ்டில் கட்டினாலும் அதே மூன்று மாத வட்டி. செப்டம்பர், டிசம்பர் தவணைகளுக்கும் இப்படியே. மார்ச் தவணைக்கு மட்டும் ஒரு மாதம். எத்தனை நாள் பிந்தியது என்று சட்டம் பார்ப்பதில்லை. அந்தத் தேதிவரை கட்டியதில் எவ்வளவு குறைந்தது என்று மட்டும் பார்க்கிறது. எனவே பெயரில் வர வேண்டியது தாமதம் அல்ல, குறைவு.

பங்கு லாபத்துக்கு வட்டியே இல்லை என்பதும் பாதிதான் உண்மை. என்னிடம் வரும் கணக்குகளின் சாயலில் ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன்.

2025-26இல் 30 சதவீத அடுக்கில் இருக்கும் சம்பளக்காரர் ஒருவர். சம்பளத்துக்கான வரியை நிறுவனம் சரியாகப் பிடித்துவிட்டது. எஃப்.டி. வட்டி 2,00,000 ரூபாய். மேல்வரியோடு சேர்த்து அதற்கு வரி 62,400. வங்கி 10 சதவீதம், அதாவது 20,000 பிடித்திருக்கிறது. மீதி 42,400. அப்புறம் பிப்ரவரி 10 அன்று பழைய பங்குகளை விற்கிறார். நீண்டகால ஆதாயம் 5,25,000. விலக்கு 1,25,000 போக 4,00,000க்கு 12.5 சதவீதமும் மேல்வரியும் சேர்த்து 52,000. இதற்கு யாரும் டிடிஎஸ் பிடிக்கவில்லை. மொத்த பாக்கி 94,400. அதை முழுவதும் மார்ச் 10 அன்று கட்டிவிடுகிறார்.

பிப்ரவரியில் விற்கப்போவது ஜூனில் தெரியாது என்பதால் 52,000க்கு வட்டி இல்லை. ஆனால் அந்தச் சலுகை, விற்ற பிறகு வரும் தவணையில் அவர் கட்டியதால் கிடைத்தது. மார்ச் 15க்குப் பிறகு விற்றிருந்தால் மார்ச் 31க்குள் கட்டியிருக்க வேண்டும். அதற்குள் கட்டாமல் ஜூலையில் கணக்கோடு சேர்த்துக் கட்டுபவருக்குச் சலுகை போய்விடும். ஈவுத்தொகைக்கும் இதே விதிதான்.

எஃப்.டி. வட்டிக்கு இந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் வைப்பைப் போட்ட அன்றே அது எவ்வளவு என்று தெரியும். 42,400இல் 15 சதவீதம் ஜூனில் வந்திருக்க வேண்டும்: 6,360. நூறுக்குக் கீழே உள்ளதை விட்டுவிட்டு 6,300க்கு 3 சதவீதம், 189 ரூபாய். இதேபோல் செப்டம்பருக்கு 570, டிசம்பருக்கு 954. ஆக 1,713 ரூபாய்.

முத்துக்குமரன் எழுதியது:

நன்றி அம்மா. ஜூன் 16 விஷயம் எனக்குப் புதிது. ஆனால் ஒரு கேள்வி. நான் எப்போது விற்றேன் என்பது மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? என் கணக்கில் போன வருடம் இந்த வட்டி எதிர்பார்த்ததைவிட நிறைய வந்தது. கேள்வி கேட்காமல் கட்டிவிட்டேன்.

ரேவதி எழுதியது:

நீங்கள் சொன்னால்தான் தெரியும். Schedule CG-யின் கடைசியில் ஒரு அட்டவணை இருக்கிறது. ஜூன் 15 வரை, ஜூன் 16 முதல் செப்டம்பர் 15 வரை, அங்கிருந்து டிசம்பர் 15 வரை, மார்ச் 15 வரை, மார்ச் 16 முதல் 31 வரை என்று ஐந்து கட்டங்கள். எந்தத் தேதியில் விற்றீர்களோ அந்தக் கட்டத்தில் ஆதாயத்தைப் போட வேண்டும். ஈவுத்தொகைக்கு Schedule OS-இல் இதேபோல் ஒன்று உண்டு.

பலர் இதைப் பொருட்படுத்தாமல் முழுத் தொகையையும் முதல் கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். மேலே சொன்னவர் அப்படிச் செய்தால் 94,400 முழுவதும் ஜூனிலேயே தெரிந்த வரி ஆகிவிடும். 423, 1,272, 2,124 என்று மூன்று தவணைக்கும் சேர்த்து 3,819 ரூபாய். தேவையில்லாமல் 2,106 ரூபாய் கூடுதல். யாரும் பிழை என்று எச்சரிக்க மாட்டார்கள், ஏனென்றால் கூட்டுத்தொகை சரியாகத்தான் இருக்கும். இந்த வட்டி உங்கள் மனக்கணக்கைவிட மிகுந்து நின்றால் முதலில் அந்த அட்டவணையைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று. தரகு நிறுவனம் தரும் லாபநட்ட அறிக்கை ஏப்ரல்–ஜூன், ஜூலை–செப்டம்பர் என்று பிரித்திருந்தால் அதை அப்படியே எடுத்துப் போடக்கூடாது. இங்கே எல்லை 15ஆம் தேதி. ஜூன் 20 அன்று விற்றது இரண்டாவது கட்டத்துக்குப் போகும்.

இளமாறன் எழுதியது:

ரேவதி அம்மா வரியைச் சொல்லிவிட்டார், நான் சொல்லை மட்டும் பார்க்கிறேன். ‘தவணைக்குறை வட்டி’ என்று முதலில் தோன்றியது. வாய்விட்டுப் படித்தால் ‘குறை வட்டி’ என்று பிரிந்து, குறைந்த வட்டி போல ஒலிக்கிறது. ‘தவணைத் தவறு வட்டி’ என்றால், பிப்ரவரி விற்பனையை ஜூனில் ஊகிக்காதவரையும் குற்றவாளியாக்கிவிடும். ‘அபராத வட்டி’யும் அதே காரணத்தால் வேண்டாம். இது தண்டனை அல்ல, கணக்கில் தானாக ஏறும் தொகை.

‘தவணைக்குறைவு வட்டி’ என்று ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தால் பிரிப்பு சரியாகிவிடுகிறது. தவணையில் ஏற்பட்ட குறைவுக்கான வட்டி. வேறு பொருள் கொள்ள இடமில்லை.

ஆவுடையப்பன் எழுதியது:

இப்போது புரிந்தது, நன்றி ரேவதி அம்மா. ‘தவணைக்குறைவு வட்டி’ என்று பார்த்திருந்தால் என் எஃப்.டி. ஞாபகம் வந்திருக்காது. ஆனால் வழிகாட்டியில் நாங்கள் வாங்கும் வட்டிக்கு எப்போதும் ‘வட்டி வருமானம்’ என்று முழுதாகப் போடுங்கள். வெறும் ‘வட்டி’ என்று பார்த்தால் எங்களைப் போன்றவர்களுக்கு வங்கிப் புத்தகம்தான் கண்ணில் தெரியும்.

கயல்விழி எழுதியது:

அப்படியே செய்கிறேன், ஐயா. ‘தவணைக்குறைவு வட்டி’யை எடுத்துக்கொள்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 234சி என்று பக்கத்தில் குறிப்பேன், திரையில் அதைத் தேடுபவர்களுக்காக.

பக்கத்து வரிசையில் இருக்கும், முன்கூட்டிய வரியைக் கட்டாததற்கான 234பி வட்டிக்கும் இதே அச்சில் ‘ஆண்டுக்குறைவு வட்டி’ என்று வைக்கலாமா?

ரேவதி எழுதியது:

அதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. கட்ட வேண்டியதில் 90 சதவீதத்தை மார்ச் 31க்குள் கட்டியவருக்கு 234பி வராது, அவருக்கும் ஆண்டு முடிவில் குறைவு இருக்கலாம். அதோடு இது நிலையான மூன்று மாதம் அல்ல. ஏப்ரல் 1 முதல் கட்டும் மாதம் வரை, மாதத்தின் ஒரு பகுதியையும் முழு மாதமாக எண்ணி, ஏறிக்கொண்டே போகும். முத்துக்குமரன் சொன்ன ‘தாமதம்’ உண்மையில் பொருந்துவது இங்கேதான்.

முத்துக்குமரன் எழுதியது:

அப்படியானால் ‘முன்வரித் தாமத வட்டி’?

இளமாறன் எழுதியது:

‘முன்வரி’ என்றால் கவிதையின் முந்தைய அடி என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை, மாற்றுச் சொல்லும் இன்னும் கைவசம் இல்லை. வேறு யாருக்காவது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.