கலைச்சொல் தேவை: மதிப்பெண்ணைக் கூட்டித் தருவதும் பெருக்கித் தருவதும்

தென்காசியான்:
வணக்கம். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கான மதிப்பெண் கணிப்புச் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறேன். நினைத்த கிரேடு கிடைக்க இறுதித் தேர்வில் எத்தனை வாங்க வேண்டும் என்று சொல்லும். அதில் 'ஃபிளாட் கர்வ்', 'ஸ்கேலிங்' என்று இரண்டு பொத்தான்கள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். சின்னச் சொல்லாக வேண்டும், பொத்தானில் இடமில்லை.

புலவர்:
கர்வ் என்றால் வளைவு. முன்னதைத் 'தட்டை வளைவு' எனலாம்.

தென்காசியான்:
தட்டையாக இருந்தால் அது எப்படி ஐயா வளைவு?

பெங்களூர்வாசி:
இது பெல் கர்வ். பத்துப் பேருக்கு ஏ, இருபது பேருக்கு பி என்று பங்கு பிரிப்பார்கள். 'மணி வளைவு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே.

கணக்கு டீச்சர்:
அப்படிப் பங்கு பிரிப்பதும் உண்டு, அதற்கும் அங்கே கர்வ் என்றுதான் பெயர். ஆனால் இந்த இரண்டிலும் வளைவே கிடையாது, வரைந்தால் இரண்டுமே நேர்கோடுதான்.

ஒரு கணக்கு போடுகிறேன். இறுதித் தேர்வுக்கு 40 சதவீதம், மற்றதெல்லாம் சேர்ந்து 60. ஒருத்தியின் சராசரி இதுவரை 70. அதில் 60 சதவீதம் 42 ஆகிறது. மொத்தம் 80 வேண்டுமென்றால் மீதி 38, அதை 0.4-ஆல் வகுத்தால் 95. தேர்வு கடினம், வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண் 80 என்று வையுங்கள். அதை 100 ஆக்க ஒரு பேராசிரியர் எல்லோருக்கும் 20 கூட்டுவார், அதுதான் ஃபிளாட் கர்வ். இன்னொருவர் 1.25-ஆல் பெருக்குவார், அதுதான் ஸ்கேலிங். கூட்டினால் அவள் தாளில் 75 எடுத்தால் போதும். பெருக்கினால் 76. பெரிய வித்தியாசமில்லை.

அதே சராசரியில் ஒருவன், மொத்தம் 66 வந்தால் போதும் என்கிறான். அவனுக்குத் தேவை 60. கூட்டினால் தாளில் 40 போதும். பெருக்கினால் 48 எடுக்க வேண்டும்! முதலிடத்துக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். கீழே போகப்போகத்தான் இடைவெளி விரியும், ஏனென்றால் 40 எடுத்தவனுக்குப் பெருக்கல் தருவது வெறும் 10.

சேலத்து அப்பா:
இதைத்தானே நம் ஊரில் கருணை மதிப்பெண் என்கிறோம்?

கணக்கு டீச்சர்:
இல்லை சார். அது பெரும்பாலும் தேர்ச்சிக்கு ஓரிரண்டு குறைகிறவருக்கு. இது வகுப்பு முழுவதுக்கும்.

சேலத்து அப்பா:
அப்படியானால் என் மகளுக்கு நடந்தது இரண்டாவது வகை. பொறியியல் கலந்தாய்வில் சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு நார்மலைசேஷன் செய்கிறார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் முதல் மதிப்பெண் 100, மற்ற வாரியத்தில் 90 என்றால், அங்கே 60 வாங்கியவருக்கு 66.67. பத்து கூட்டியிருந்தால் 70 ஆகியிருக்கும், இல்லையா? இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே.

புலவர்:
வளைவை விட்டுவிடுகிறேன். 'கூட்டுயர்வு', 'பெருக்குயர்வு'. இரண்டும் வினைத்தொகை போலவே நிற்கும். பத்தாம் வகுப்பிலேயே கூட்டுத் தொடர்வரிசை, பெருக்குத் தொடர்வரிசை படிக்கிறார்கள். பெருக்கு என்பது ஆடிப்பெருக்கின் பெருக்கு. நீர் தன் அளவுக்கேற்பப் பெருகும். வாசல் பெருக்குவதும் அதே வேரா என்பதை வேறொரு மடலில்...

பெங்களூர்வாசி:
வேண்டாம் புலவரே, வெள்ளிக்கிழமை வந்துவிடும். 'கூட்டு'தான் எனக்கு இடிக்கிறது. கூட்டு வட்டி என்பது பெருக்கல் கணக்கு. படித்தவன் தலைகீழாகப் புரிந்துகொள்வான். 'கொசுறு' என்று போடுங்கள், காய்கறிக் கடைக்குப் போன எவருக்கும் புரியும்.

புலவர்:
கொசுறு தெலுங்கு வழி வந்தது. தவிர, பேராசிரியர் என்ன கறிவேப்பிலையா தருகிறார்?

கணக்கு டீச்சர்:
பெயரைவிட எனக்குக் கவலை வேறு. அந்தச் செயலி எதன் மேல் கூட்டுகிறது? இறுதித் தாளிலா, பாடத்தின் மொத்தத்திலா? முதல் மாணவிக்கு மொத்தத்தில் 5 கூட்டினால், 80-க்குப் பதில் 75 போதும். 42 போக 33. தாளில் தேவை 95-லிருந்து 82.5-க்கு இறங்கிவிடும். தாளிலேயே 5 கூட்டினால் 90. மாணவர் 'ஐந்து மதிப்பெண்' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்த் தவறான கட்டத்தில் போட்டால், 90 எடுக்க வேண்டியவர் 82.5 போதும் என்று நிம்மதியாகத் தூங்குவார்.

தென்காசியான்:
இப்போதுதான் பார்த்தேன். செயலியில் அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அதையும் தமிழாக்க வேண்டும். இன்னொன்று: வகுப்பின் உயர்ந்த மதிப்பெண்ணைக் கேட்கும் கட்டமும் இருக்கிறது. தேர்வுக்கு முன்னால் அது எப்படித் தெரியும்?

கணக்கு டீச்சர்:
தெரியாது. ஊகம்தான். 80 என்று நினைத்துக் கணக்குப் போட்டு, யாராவது ஒருவர் 96 வாங்கிவிட்டால், கூட்டித் தருவது 20-லிருந்து 4-ஆகக் குறைந்துவிடும். அந்தக் கட்டத்தில் 'ஊக' என்று கட்டாயம் இருக்கட்டும்.

தென்காசியான்:
'கூட்டல் உயர்வு', 'பெருக்கல் உயர்வு' என்று பிரித்தே எழுதிவிடுகிறேன். கட்டத்துக்குத் 'தாளில் / மொத்தத்தில்'. டீச்சர், சேலத்தார் இருவரும் சரி என்கிறார்கள். பொத்தானில் இரண்டு வரி ஆகிறது, எழுத்தைச் சிறிதாக்கப் பார்க்கிறேன்.

புலவர்:
'கூட்டல்' தொழிற்பெயர், அடுத்து வருவது உயிரெழுத்து, அதனால் வல்லினம் மிகும் பேச்சே இல்லை, இலக்கணப் பிழையில்லை. ஆனால் கூட்டுயர்வு ஒரே வரியில் அடங்கியிருக்கும். பதிவுக்காகச் சொல்கிறேன்.

பெங்களூர்வாசி:
கூட்டு வட்டிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.