ஓவர்ஹேங்: தொங்கலா, இறப்பா, வெளிநீட்டமா?

மொழிபெயர்ப்பாளர்:
மேசை விளிம்பில் புத்தகங்களை அடுக்கி, உச்சிப் புத்தகத்தை விழாமல் எவ்வளவு தூரம் வெளியே தள்ளலாம் என்ற கணக்கு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மேசைக்கு வெளியே நிற்கும் அந்த நீளத்துக்கு ‘தொங்கல்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

இயற்பியல் ஆசிரியை:
வேண்டாம். கிடையாக நிற்பதைத் தொங்கல் என்றால் மாணவர்கள் கீழ்நோக்கிப் படம் போடுவார்கள். ‘நீட்சி’யும் கூடாது, கம்பியை இழுக்கும் பாடத்துக்குப் போய்விட்டது.

கணக்கைப் பாருங்கள். 24 செ.மீ. நீளத்தில் ஒரே மாதிரி நான்கு புத்தகம். மேலிருந்து ஒவ்வொன்றும் தனக்குக் கீழுள்ளதைத் தாண்டுவது 12, 6, 4. கடைசியது மேசையைத் தாண்டுவது 3. மொத்தம் 25 செ.மீ., உச்சிப் புத்தகம் முழுசாக மேசைக்கு வெளியே. அந்த 4 எப்படி வந்தது? மேலிரண்டின் எடை மூன்றாவதன் விளிம்பில் இறங்குகிறது. மூன்றாவதன் சொந்த எடை 12 செ.மீ. உள்ளே. இரண்டுக்கு ஒன்று என்பதால் மூன்றுக்கும் பொதுவான ஈர்ப்பு மையம் விளிம்பிலிருந்து 4 செ.மீ.

கட்டடப் பொறியாளர்:
சன்ஷேடு மாதிரிதானே? ‘கேன்டிலீவர்’ என்றே எழுதிவிடலாம், எல்லாருக்கும் புரியும்.

இயற்பியல் ஆசிரியை:
சன்ஷேடின் கம்பி சுவருக்குள் இறங்கிப் பிடித்திருக்கிறது. இங்கே எதுவும் பிடிக்கவில்லை, எடை மட்டும்தான்.

தமிழாசிரியர்:
கூரை சுவரைத் தாண்டி நிற்கும் பகுதிக்கு ‘இறவாரம்’ இருக்கிறதே. ‘இறப்பு’ என்றும் சொல்வார்கள். இறத்தல் என்றால் கடத்தல்; சங்கப் பாடல்களில் காடு இறந்து போவார்கள். விளிம்பைக் கடப்பது இறப்பு. வேறு சொல் எதற்கு?

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, “நான்கு புத்தகங்களின் இறப்பைக் காண்க” என்று வினாத்தாளில் வந்தால்?

நூலகர்:
எங்கள் அலமாரியில் பெரிய நூல்கள் பலகைக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ‘துருத்தல்’ போதாதா?

இயற்பியல் ஆசிரியை:
அது பலகை அகலம் போதாததால் வரும் சிக்கல், இது வேண்டுமென்றே தள்ளுவது. ஆனாலும் சொல் மோசமில்லை.

செய்முறைக் குறிப்பும் சேருங்கள். கீழிருந்து ஒவ்வொன்றையும் சமன் எல்லைவரை தள்ளிக்கொண்டே அடுக்கினால் சரிந்துவிடும். மேலிரண்டைச் சமன் பார்த்து, அப்படியே மூன்றாவதன் விளிம்புக்குக் கொண்டுபோக வேண்டும். கணக்குச் சொல்லும் இடம் கவிழும் எல்லை, ஆகவே ஒவ்வொரு தட்டிலும் 2 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். அப்போதும் 24.2 செ.மீ. வரும். மெல்லிய அட்டைப் புத்தகம் வளையும், கெட்டி அட்டைதான் சரி.

கட்டடப் பொறியாளர்:
25-க்கு நான்கு, சரி. ஆனால் 24 செ.மீ.க்கு மூன்றே போதும். ஒன்றைப் பாதி வெளியே தள்ளி, அதன் இரு முனைகளிலும் ஒவ்வொன்றின் நடுப்பகுதி வரும்படி வையுங்கள். உள்ளே இருப்பது வெளியே இருப்பதை ஈடுகட்டும்.

இயற்பியல் ஆசிரியை:
உண்மைதான். “ஒரு தட்டுக்கு ஒரு புத்தகம்” என்ற நிபந்தனையை எழுதாவிட்டால் விடை மாறிவிடும்.

மொழிபெயர்ப்பாளர்:
நிபந்தனையைச் சேர்த்துவிட்டேன். இப்போதைக்கு ‘வெளிநீட்டம்’ என்று அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
நீட்டம் என்றால் நீளம். புத்தகம் நீளவில்லை, நகர்ந்திருக்கிறது. இறவாரம்தான்.