கலைச்சொல் வேண்டும்: நாய்கள் கூடி ஊளையிடுவது

கும்பகோணத்திலிருந்து:
விலங்கு நடத்தை பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் ‘கோரஸ் ஹௌலிங்’ என்ற இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 108 வண்டி சைரனோடு தெருவைக் கடந்தாலும் கோயிலில் சாயரட்சை மணி அடித்தாலும் நம் தெருநாய்கள் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஆரம்பிக்கின்றனவே, அதுதான். நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதை நினைத்து ‘ஒத்தூளை’ என்று வைத்திருக்கிறேன். சரியா?

திருவாரூரிலிருந்து:
தம்பி, ஒத்து வேண்டாம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வாசிக்கிறார்கள். ஒத்துக்காரர் ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார், அசைந்தால் அடி விழும். நாய்கள் சுருதி சேர்ந்து ஊளையிட்டு யாராவது கேட்டிருக்கிறீர்களா? ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்குகிறது. அப்புறம் ‘ஒத்தூதுவது’ என்றால் ஊரில் வேறு அர்த்தம்.

தஞ்சாவூரிலிருந்து:
இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? நாய்க்கு நம்மைவிட அதிகமாகக் காது கேட்கும், சைரன் காதைக் குடைகிறது, வலியில் கத்துகிறது. ‘வலியூளை’ என்று வைத்துவிட்டுப் போகலாம்.

மன்னார்குடி, கால்நடை மருத்துவர்:
அதிகம் கேட்கும் என்பது சரி. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாய்க்கு 40-ஐத் தாண்டியும் கேட்கும். ஆனால் வலிக்கிற நாய் என்ன செய்யும் என்று தீபாவளியன்று பாருங்கள்: காதை மடக்கி, வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு திண்ணைக்கு அடியில் போய்ப் பதுங்கும். சைரனுக்கு ஊளையிடுகிற நாய் நடுத்தெருவில் நின்று நிதானமாக ஊளையிடுகிறது, ஓட நினைப்பதே இல்லை.

ஊளை என்பது தூரத்தில் இருக்கும் தன் கூட்டத்துக்கு ஓநாய் கொடுக்கும் குரல். சில நொடிகள் இழுத்து, மெதுவாக ஏறி இறங்கும். சைரனும் அப்படித்தான் ஏறி இறங்குகிறது, அதனால் முதல் நாய் அதை ஊளையாகவே எடுத்துக்கொண்டு பதில் கொடுக்கிறது என்பதுதான் பொருத்தமான விளக்கம். இரண்டாவது நாயிலிருந்து கதை வேறு. அதற்குச் சைரனைவிடப் பக்கத்து நாயின் குரலே போதும். வண்டி போய்ச் சத்தம் ஓய்ந்த பிறகும் தெரு அடங்காமல் இருப்பது அதனால்தான்.

திருவாரூர் ஐயா சொன்னதிலும் பெரிய விஷயம் இருக்கிறது. ஓநாய்க் கூட்டத்தில் ஒன்றின் சுருதியில் மற்றொன்று ஒட்டுவதில்லை, விலகிக்கொள்ளும். ஆளுக்கொரு சுருதி, அதுவும் வளைந்து வளைந்து போனால், மூன்று நான்கு ஓநாய் இருந்தாலும் தூரத்தில் கேட்பவருக்கு ஒரு பெரும் படைபோல் தோன்றும் என்று ஒரு கருதுகோள் உண்டு.

எல்லா நாயும் ஒரே அளவுக்குச் செய்வதில்லை. புடாபெஸ்டில் 68 வளர்ப்பு நாய்களுக்கு ஓநாய் ஊளையைப் போட்டுக் காட்டி, 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓநாய்க்கு நெருங்கிய பழைய இனங்கள், அதிலும் வயதானவை, பதிலுக்கு ஊளையிட்டன. புதிய இனங்கள் குரைப்பதோடு நின்றன. நம் தெருநாயை யாரும் அந்த வரிசையில் சேர்க்கவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து:
டாக்டர் ஐயா, எங்கள் வாசலில் ஒரு கிழட்டு நாய் விடியற்காலையில் தனியாகவே ஊளையிடுகிறது, மாமியார் எமன் வருகிறான் என்று தூங்க விடமாட்டேன் என்கிறார். அதற்கு ஏதாவது ஊசி உண்டா?

மன்னார்குடி:
ஊளைக்கு ஊசி கிடையாது அம்மா. வயதான நாய்க்குக் கண், காது மங்கினாலோ மூட்டு வலித்தாலோ இரவில் குரல் கொடுக்கும். பகலிலும் தடுமாறி, சாப்பாட்டைக் குறைத்திருந்தால் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கும்பகோணம்:
அப்படியானால் இங்கே இரண்டு செயல் இருக்கின்றன, இரண்டு சொல் வேண்டும். சைரனுக்கு முதல் நாய் கொடுப்பது ‘எதிரூளை’, எதிரொலி போல. அதைக் கேட்டு மற்றவை சேர்வது ‘கூட்டூளை’. ‘தொற்றூளை’யும் யோசித்தேன், ஆனால் நாயையும் தொற்றையும் சேர்த்து எழுதினால் படிப்பவர் வெறிநோய்க்குப் போய்விடுவார்.

தஞ்சாவூர்:
சரி, வலி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கோயில் மணி ‘டங்’கென்று அடித்து நிற்பது, அது எப்படி ஊளைபோல் இருக்கும்?

மன்னார்குடி:
நல்ல கேள்வி. பெரிய வெண்கல மணியில் அடி விழுந்த பிறகும் ரீங்காரம் இழுத்து, அலைந்து அலைந்து தேயும். அது போதுமா என்பதுதான் சந்தேகம். மோட்டாரில் ஓடும் முரசு-மணிக்கு எங்கள் தெருவில் குரைப்புதான் அதிகம்.

திருவாரூர்:
சாயரட்சையில் மணியோடு சங்கும் ஊதுவார்களே, டாக்டர். இழுத்து ஊதுகிற சத்தம் அதுதான். நாய் மணிக்கு ஊளையிடுகிறதா சங்குக்கா என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்?

மன்னார்குடி:
நான் பார்க்கவில்லை. சங்கு ஊதாத கோயில் பக்கம் இருப்பவர்கள் கவனித்து எழுதுங்கள். முதல் குரல் எந்த நாய், எப்போது என்று மட்டும் போதும்.

கும்பகோணம்:
அதுவரை கட்டுரையில் சைரனுக்கு மட்டும் ‘எதிரூளை’ என்று போடுகிறேன், கோயில் மணியை அந்தப் பத்தியிலிருந்து எடுத்துவிடுகிறேன். ‘கூட்டூளை’க்கு மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

திருவாரூர்:
எழுத நன்றாக இருக்கிறது, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் கூட்டும் ஊளையும் ஒட்டிக்கொண்டு நாக்கு தடுக்குகிறது. ‘கூட்டு ஊளை’ என்று பிரித்தே போடுங்கள்.