மேகத்தில் அழிந்த பில்களை நிறுவனம்தானே மீட்டுத் தர வேண்டும்?

முகிலன், மாலை 6:12
வணக்கம். எங்கள் மொத்த விற்பனைக் கடையின் பில் மென்பொருளை ஒன்றரை ஆண்டுக்கு முன்பு மேகத்துக்கு மாற்றினோம். இன்று மாலை ஒரு கிளையின் பில்களை மட்டும் நீக்க முயன்றபோது, கட்டளையில் கிளை எண்ணைக் குறிப்பிடத் தவறியதால் மூன்று கிளைகளின் பில்களும் அழிந்துவிட்டன. மேக நிறுவனத்திடம் நேற்றைய காப்புப் பிரதியைக் கேட்டால், தரவுக்கு வாடிக்கையாளரே பொறுப்பு என்று பதில் வந்தது. மாதந்தோறும் பணம் கட்டுகிறோம், இது முறையா? எப்படி மீட்பது என்று யாராவது உடனே சொல்லுங்கள்.

கவின், மாலை 6:20
நீங்கள் எதை வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லவில்லையே. வெறும் சேவையகமா, நிறுவனமே பராமரிக்கும் தரவுத்தளமா, அல்லது உலாவியில் திறந்து பயன்படுத்தும் முழு பில் மென்பொருளா? மூன்றுக்கும் பதில் வெவ்வேறு.

தாமரை, மாலை 6:31
மேக நிறுவனங்கள் ஒவ்வொரு வட்டிலும் உள்ளதைப் பல பிரதிகளாக வைத்திருப்பார்கள். ஆகவே உங்கள் தரவு அவர்களிடம் கட்டாயம் இருக்கும். மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்று வற்புறுத்துங்கள், கொடுத்துவிடுவார்கள்.

சுந்தரம், மாலை 6:40
பல பிரதிகள் இருப்பது உண்மைதான், ஆனால் அவை ஒரு வட்டு பழுதானால் உதவுவதற்காக இருப்பவை. நீங்கள் ஒரு வரியை அழித்தால் அந்த அழிப்பும் எல்லாப் பிரதிகளுக்கும் உடனே போய்விடும். காப்புப் பிரதிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த மன்றத்தில் நான் பல முறை விளக்கியிருக்கிறேன். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுச் சேவையகம் எடுப்பது அடிப்படைப் பொறுப்பு, அதைக்கூடச் செய்யாமல் வருபவர்களுக்கு நாம் என்ன சொல்ல முடியும்?

முகிலன், மாலை 6:52
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். நாங்கள் எடுத்திருப்பது உபுண்டு நிறுவிய ஒரு மெய்நிகர் இயந்திரம். அதில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை நாங்களே நிறுவினோம். `SELECT VERSION();` என்று கேட்டால் 8.0 என்று காட்டுகிறது. தனியாகக் காப்புப் பிரதி எதுவும் எடுக்கவில்லை. அழித்தது மாலை 4:40 மணிக்கு.

வேணி, மாலை 7:05
தம்பி, முதலில் பில் மென்பொருளை நிறுத்திவிடுங்கள். உங்களுக்கு வழி இருக்கிறது, அந்த வழி இருப்பதற்குக் காரணமே இது வெறும் இயந்திரம் என்பதுதான். கட்டடம், மின்சாரம், இரும்புப் பெட்டி, வட்டு, அதன் மேலிருக்கும் மெய்நிகராக்க அடுக்கு வரை நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. இயங்குதளத்திலிருந்து மேலே உள்ள யாவும் உங்களுடையவை, தரவுத்தளத்தின் கோப்புகளும் அதில் அடக்கம். வட்டின் அந்நேர நிலையை அப்படியே பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுக்கும் வசதியை அவர்கள் தந்திருப்பார்கள், ஆனால் அதற்கு அட்டவணை போட வேண்டியவர் நீங்கள்தான்.

8.0 பதிப்பில், தரவில் நடக்கும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பைனரி லாக் இயல்பாகவே எழுதப்படும், 30 நாள் வரை வைத்திருக்கப்படும். உங்கள் கட்டளை நேரடியாக நீக்கிய ஒவ்வொரு வரியின் பழைய மதிப்புகளும் அதில் முழுமையாகப் பதிவாகியிருக்கும். `/var/lib/mysql` கோப்புறையில் `binlog.` என்று தொடங்கும் கோப்புகள் அனைத்தையும் வேறிடத்துக்கு நகலெடுத்த பிறகு, கடைசிக் கோப்பில் இதை இயக்குங்கள். தேதியையும் கோப்பு எண்ணையும் உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

```
mysqlbinlog --base64-output=DECODE-ROWS -v \
 --start-datetime="2024-06-11 16:35:00" \
 --stop-datetime="2024-06-11 16:45:00" \
 binlog.000212 > neekkam.txt
```

அன்பரசி, மாலை 7:11
எங்கள் அலுவலகத்தில் மின்னஞ்சலை மென்பொருள் சேவையாக வாங்கியிருக்கிறோம். ஒருவர் வேலையை விட்டுப் போனதும் அவருடைய கணக்கை நீக்கிவிட்டோம். குறிப்பிட்ட நாள்களுக்குள் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்றார்கள், நாங்கள் இரண்டு மாதம் கழித்துத்தான் கேட்டோம். உங்களுக்கும் மீட்புத் தொட்டி போன்ற ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

வேணி, மாலை 7:18
அவருடைய இயந்திரத்தில் அப்படி ஒரு தொட்டி கிடையாது, அன்பரசி. ஆனால் நீங்கள் சொன்னது ஒன்றைக் காட்டுகிறது. உங்கள் சேவையில் இயங்குதளமும் மென்பொருளும் அவர்கள் பொறுப்பு, யாருக்குக் கணக்கு இருக்க வேண்டும், எதை நீக்கலாம் என்பது உங்கள் பொறுப்பு. ஆகவே தவறாக நீக்கினால் அவர்கள் வைத்துள்ள கெடுவைத் தாண்டி நீங்கள் உள்ளே இறங்கித் தேட வழியில்லை.

கவின், மாலை 7:24
நிறுவனம் பராமரிக்கும் தரவுத்தளம் எடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது, அது தளச் சேவை, எல்லாவற்றையும் அவர்களே பார்ப்பார்கள்.

சுந்தரம், மாலை 7:33
அதைத் தளச் சேவை என்பதே தவறு. அமெரிக்க தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறையின்படி, தளச் சேவை என்பது நாம் எழுதிய அல்லது வாங்கிய செயலியை ஏற்றி இயக்கும் இடம். தரவுத்தளத்தில் நாம் ஏற்றும் செயலி எது?

கவின், மாலை 7:38
அதே வரையறையில், அடியிலுள்ள இயங்குதளத்தையும் சேமிப்பையும் வாடிக்கையாளர் நிர்வகிப்பதில்லை என்று இருக்கிறது. அந்தத் தன்மை இதற்குப் பொருந்துகிறதே.

வேணி, மாலை 7:47
பெயர் எதுவானாலும், "எல்லாவற்றையும்" என்பதை நான் ஏற்கமாட்டேன். இயங்குதளத் திருத்தங்களும் தானியங்கிக் காப்புப் பிரதியும் அவர்கள் வேலை. எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று அமைப்பது நாம். எந்த நொடிக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்வதும் நாம்தான். அமேசானின் ஆர்டிஎஸ் என்ற தரவுத்தளச் சேவையில் அப்படி மீட்டால் பழைய தரவுத்தளம் பின்னோக்கிப் போகாது, புதிதாக ஒன்று எழும், அதிலிருந்து வரிகளை எடுத்து வருவது நம் பாடு. அழிக்கும் கட்டளையை எவரும் தடுத்திருக்கமாட்டார்கள்.

முகிலன், இரவு 8:02
லாக் இருக்கிறது, ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு நீக்கம்கூட இல்லை. கோப்பு கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கிறது.

வேணி, இரவு 8:06
`date` என்று அடித்துப் பாருங்கள். இயந்திரம் உலகப் பொது நேரமான யூடிசியில் இருந்தால் நம் 4:40 அதற்குக் காலை 11:10. கட்டளையில் 11:05 முதல் 11:15 வரை கொடுங்கள்.

முகிலன், இரவு 8:21
வந்துவிட்டது அக்கா! இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன:

```
### DELETE FROM `kadai`.`bills`
### WHERE
###   @1=48213
###   @2=3
###   @3=1718090412
```

மூன்றாவது பத்தி பில் தேதி, ஆனால் ஏதோ எண்ணாக இருக்கிறது. அதைவிட, `bill_items` அட்டவணையிலும் வரிகள் போய்விட்டன, அதற்கு ஒரு நீக்கம்கூட லாக்கில் தென்படவில்லை.

வேணி, இரவு 8:40
தேதி எண்ணாக வருவது டைம்ஸ்டாம்ப் வகைக்கு இயல்பு, சேர்க்கும்போது `FROM_UNIXTIME()` போடுங்கள். பத்திகளுக்குப் பெயர் இராது, அட்டவணையில் உள்ள அதே வரிசையில் `INSERT` ஆக மாற்றி, முதலில் ஒரு தனி அட்டவணையில் சேர்த்து எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

இரண்டாவது செய்தி வருத்தமானது. பில் நீங்கினால் அதன் பொருள் வரிகளும் தாமே நீங்கும்படி அயல் சாவியில் அமைத்திருப்பீர்கள். அந்தத் தொடர் நீக்கத்தைத் தரவுத்தளத்துக்குள் இருக்கும் சேமிப்பு எந்திரமே உள்ளுக்குள் செய்வதால், உங்கள் 8.0 பதிப்பில் அது பைனரி லாக்கில் ஏறாது. ஆனால் கடந்த 30 நாளில் பொருள் வரிகள் சேர்க்கப்பட்டபோது எழுதிய பதிவுகள் பழைய லாக் கோப்புகளில் இருக்கும். அதே முறையில் `INSERT INTO` பகுதிகளை எடுங்கள், பிறகு வந்த `UPDATE` இருந்தால் அதையும் பாருங்கள். அதற்கு முந்தையவை லாக்கில் கிடைக்காது.

தாமரை, இரவு 8:52
பல பிரதிகள் பற்றி நான் சொன்னது பொருந்தவில்லை என்று இப்போது புரிகிறது. வட்டையே கழற்றி மீட்பு மென்பொருள் போட்டால் பழைய வரிகள் வருமா?

வேணி, இரவு 8:58
வட்டு அவர்கள் கட்டடத்தில் இருக்கிறது, கழற்ற முடியாது. ஆனால் இப்போதே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கலாம். அதிலிருந்து பக்கம் பக்கமாகத் தேடும் கருவிகள் உண்டு, எவ்வளவு தேறும் என்பது அந்த இடங்களில் புதிய வரிகள் எழுதப்பட்டனவா என்பதைப் பொறுத்தது. முகிலன், எதையும் சேர்ப்பதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள்.

முகிலன், மறுநாள் பிற்பகல் 2:15
ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகே தொடங்கினேன். பில்கள் அனைத்தும் திரும்பிவிட்டன, பொருள் வரிகள் கடந்த ஒரு மாதத்துக்கு மட்டும் வந்துள்ளன. பழையவற்றுக்குக் கணக்காளரிடம் அச்சுப் பிரதிகளைக் கேட்டிருக்கிறேன். நன்றி அக்கா.